அக்கா நோட்டுல 84 பெட்டி, டேலில 131 பெட்டி

திண்டுக்கல்ல ஒரு டைல்ஸ் கடை வச்சிருக்கேன், அப்பா ஆரம்பிச்சது, இப்ப நான் பாத்துக்குறேன். ஷோரூம் டவுனுக்குள்ள, குடோன் பைபாஸ் பக்கம். ஷோரூம் கவுண்டர்ல ஒரு அக்கா, அவங்க எங்கப்பா காலத்துல இருந்து இருக்காங்க. வெளிய இன்ஜினியர், மேஸ்திரினு சுத்தி ஆர்டர் பிடிக்க ஒரு தம்பி. டேலி சாப்ட்வேர்ல கணக்கு பாக்க ஒரு பையன், குடோன்ல லோடு ஏத்துறதுக்கு ஒரு அண்ணன். அவ்ளோதான் எங்க ஆளுங்க. இவ்ளோ சின்ன இடத்துலயே ஒரே சரக்க ரெண்டு பேருக்கு வாக்கு குடுத்து நான் பட்ட பாடு இருக்கே, அதத்தான் எழுதுறேன். யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா ஐம்பதாயிரம் பக்கம் மிச்சமாயிருக்கும்.

போன வருஷம் ஆவணி முகூர்த்த நேரம். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தாரு, புது வீடு, ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் 1,200 சதுர அடிக்கு வேணும்னாரு. ஒரு பெட்டில 4 பீஸ், 15.5 சதுர அடி வரும், கழிவு எட்டு சதவீதம் சேத்து அக்கா கணக்கு போட்டு 84 பெட்டினு சொன்னாங்க. சதுர அடி 48 ரூபா, மொத்தம் 62,500 பக்கம். 3ஆம் தேதி பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டு, "தளம் காயணும்மா, 16ஆம் தேதி அனுப்பு, 29 கிரகப்பிரவேசம்"னு சொல்லிட்டு போயிட்டாரு. அக்கா அவங்க ஆர்டர் நோட்டுல அழகா எழுதி வச்சுட்டாங்க. அந்த நோட்டு அவங்க டிராயர்ல இருக்கும், வேற யாரும் தொட மாட்டோம்.

9ஆம் தேதி நம்ம தம்பி ஒரு கான்ட்ராக்டர் சைட்ல நின்னுக்கிட்டு டேலி பையனுக்கு போன் பண்ணியிருக்கான். அந்த மாடல் எவ்ளோ இருக்குனு கேக்க, பையன் ஸ்கிரீன பாத்து 131 பெட்டினு சொல்லிட்டான். பொய் இல்ல, குடோன்ல எண்ணிப் பாத்தாலும் 131தான். தம்பி 90 பெட்டி பேசி முடிச்சு அன்னைக்கே பில் போட்டு, குடோன் அண்ணன் சாயங்காலமே வண்டியில ஏத்தி விட்டுட்டாரு. ரெடி கேஷ் வேற. நான் அன்னைக்கு ராத்திரி தம்பிக்கு புரோட்டா வாங்கிக் குடுத்தேன், அத நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது.

15ஆம் தேதி சாயங்காலம் அக்கா குடோனுக்கு போன் பண்ணி "நாளைக்கு வாத்தியார் வீட்டு லோடு ரெடி பண்ணுங்க"னு சொன்னப்பதான் குடோன் அண்ணன் "எந்த லோடு? இங்க 41 பெட்டிதான கெடக்கு"ன்னாரு. அந்த 41லயும் இன்னொரு சிக்கல். 131 பெட்டி ஒரே பேட்ச் கிடையாது, 96 ஒரு பேட்ச், 35 வேற பேட்ச். டைல்ஸ் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே மாடல், ஒரே பேர், ஒரே சைஸா இருந்தாலும் சூளையில ஒவ்வொரு தடவ சுடும்போதும் நிறம் ஒரு நூல் மாறும், அதனாலதான் பெட்டி பக்கவாட்டுல பேட்ச் நம்பர், ஷேடு நம்பர் அடிச்சு வரும். தனித்தனி வீட்டுல போட்டா யாருக்கும் தெரியாது, ஒரே ஹால்ல பக்கத்துல பக்கத்துல போட்டா பளிச்சுனு தெரியும். அண்ணன் கான்ட்ராக்டருக்கு 96ல இருந்து 90 ஏத்திட்டாரு. மிச்சம் இருந்தது அந்த பேட்ச்ல 6, மத்த பேட்ச்ல 35.

எனக்கு வந்த கோபத்துக்கு மொதல்ல தம்பிய காச்சுனேன். அவன் "நான் கேட்டுட்டுதான அண்ணே வித்தேன்"னான். அக்காகிட்ட திரும்புனேன், "நான் எழுதிதான தம்பி வச்சிருக்கேன்"னு நோட்ட தூக்கி காட்டுறாங்க. டேலி பையன்கிட்ட போனா அவன் ஸ்கிரீன காட்டுறான். எல்லாரும் அவங்க அவங்க வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க. அத ஒத்துக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் எல்லார்கிட்டயும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டுதான் திரிஞ்சேன்.

அடுத்து நான் பண்ணதுதான் பெரிய தப்பு. கான்ட்ராக்டருக்கு போன் அடிச்சேன், பாதி ஒட்டியாச்சுன்னாரு. குஜராத் மோர்பில இருந்து புது லோடு வர பத்து நாளுக்கு மேல ஆகும். வாத்தியார்கிட்ட உண்மைய சொல்லி வேற மாடல் காட்டியிருக்கணும், இல்ல 84ம் ஒரே பேட்சா எங்க கிடைக்குதுனு தேடியிருக்கணும். வெக்கத்துல எதுவும் சொல்லாம, மதுரைல தெரிஞ்ச டீலர்கிட்ட அதே மாடல் 49 பெட்டி எடுத்தேன், அது மூணாவது பேட்ச், அவரு குடுத்த ரேட்டுல எனக்கு சதுர அடிக்கு ஒரு ரூபா கூட மிஞ்சல. எங்கிட்ட இருந்த 35ஓட சேத்து 84 ஆக்கி, "35 பெட்டி பெட்ரூம்ல போடுங்க, 49 ஹால்லயும் கிச்சன்லயும் போடுங்க"னு டைல்ஸ் மேஸ்திரிகிட்ட வாயால சொல்லிட்டு வந்தேன். எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணி சரக்கு போய் சேரவே 3 நாள் ஆச்சு, மேஸ்திரி ஆளுங்க சும்மா உக்காந்திருந்தாங்க.

மேஸ்திரி ஆளுங்க எந்த அடுக்கு கைக்கு எட்டுச்சோ அத எடுத்து ஒட்டிட்டாங்க. ஹால் பாதி ஒரு பேட்ச், பாதி இன்னொரு பேட்ச். சிமெண்ட் தூசியில ஒண்ணும் தெரியல, கழுவி விட்டு காலை வெயில் ஜன்னல் வழியா விழுந்தப்ப நடு ஹால்ல கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. வாத்தியார் திட்டக்கூட இல்ல, அந்த கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. திட்டியிருந்தா எனக்கு கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

பாதி ஹால உடைச்சு திருப்பி ஒட்டுனோம். கணக்கு சொல்றேன்: மதுரைல இருந்து ரெண்டு தடவ வண்டி வாடகை 6,000. ஆளுங்க சும்மா உக்காந்த 3 நாள் கூலி 9,600. உடைக்க, திருப்பி ஒட்ட, சிமெண்ட் மணல் எல்லாம் சேத்து 11,000. கூடுதலா வாங்குன 14 பெட்டி 10,400. வாத்தியாருக்கு பில்லுல குறைச்சது 10,000. மொத்தம் 47,000. ஞாபகம் வச்சுக்கோங்க, வியாபாரமே 62,500தான். ரெண்டாவது தடவ மதுரைக்கு அந்த 14 பெட்டிக்கு போன் பண்ணப்ப நான் அந்த டீலர்கிட்ட கேட்டது என்ன தெரியுமா, "அண்ணே, என் பேரு எழுதி அந்த அடுக்குல ஒட்டி வச்சிருங்க, வேற யாருக்கும் குடுத்துராதீங்க". இத நம்ம குடோன்ல ஒரு நாளும் செஞ்சதில்ல.

என் சித்தப்பா பையன் ஓசூர்ல ஒரு பேக்டரில பிளானிங்ல இருக்கான். கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவன்கிட்ட புலம்புனேன். "இதுக்கு பேரே இருக்கு அண்ணே, அவைலபிள் டு ப்ராமிஸ், ஏடிபினு சொல்லுவோம்"னான். குடோன்ல எவ்ளோ இருக்குங்குறது ஒரு நம்பர், புதுசா ஒருத்தருக்கு எவ்ளோ வாக்கு குடுக்கலாம்ங்குறது வேற நம்பர். இருப்புல இருந்து ஏற்கனவே வாக்கு குடுத்தத கழிச்சா வர்றதுதான் ரெண்டாவது நம்பர். சேல்ஸ் ஆளுக்கு மொத நம்பர காட்டவே கூடாது, ரெண்டாவத மட்டும்தான் காட்டணும்னான். எங்க கேஸ்ல 131லிருந்து 84 போக 47. தம்பிக்கு அந்த 47 தெரிஞ்சிருந்தா 90 பேசியே இருக்க மாட்டான். பேட்ச் வாரியா பாத்தா இன்னும் கம்மி, 96ல 84 போனா 12, அப்புறம் வேற பேட்ச்ல ஒரு 35. 47னு கூட்டி சொல்றதே தப்பு, ஏன்னா 40 பெட்டி கேக்குற ஒருத்தருக்கு எங்கிட்ட 40 கிடையாது. ஷேடு மாறுற எந்த சரக்கா இருந்தாலும், டைல்ஸ், பெயிண்ட், நூல், துணினு எதுவா இருந்தாலும், இந்த கணக்க பேட்ச் பேட்சா போடலனா போடாத மாதிரிதான்.

டேலிலயே இதுக்கு வழி இருக்கு. Sales Order போட்டு வச்சா Stock Summary-ல இருப்பு குறையாது, சரக்கு இன்னும் போகலல்ல, ஆனா Reorder Status ரிப்போர்ட்ல ஆர்டர் பாக்கிய கழிச்சு காட்டும். நாங்க அட்வான்ஸ ரசீதா மட்டும் போட்டுட்டு ஆர்டர் என்ட்ரியே போடாம இருந்தோம். டேலி வச்சிருக்கவங்க மொதல்ல அத பாருங்க. எனக்கு பேட்ச் வாரியா, அதுவும் தம்பி சைட்ல நின்னு போன்லயே பாக்குற மாதிரி வேணும்னதால கூகுள் ஷீட்டுக்கு போயிட்டேன். Stock-னு ஒரு டேப், ஒரு பேட்சுக்கு ஒரு வரி, A-ல மாடலும் பேட்சும், B-ல எண்ணிக்கை. Hold-னு இன்னொரு டேப், யாருக்கு எத்தனை பெட்டி எந்த தேதிக்கு பிடிச்சு வச்சிருக்கோம்னு. அதுல B-ல மாடல் பேட்ச், C-ல பெட்டி, G-ல நிலை, H-ல எது வரைக்கும் செல்லும்ங்குற தேதி நேரம். Stock டேப்ல C-ல இந்த பார்முலா:

```
=B2
 -SUMIFS(Hold!C:C,Hold!B:B,A2,Hold!G:G,"HARD")
 -SUMIFS(Hold!C:C,Hold!B:B,A2,Hold!G:G,"SOFT",Hold!H:H,">="&NOW())
```

அதுல HARD, SOFT எதுக்குனு கேப்பீங்க, அதுக்கும் ஒரு கதை இருக்கு. மொதல்ல நான் ஒரே மாதிரி ஹோல்டுதான் வச்சிருந்தேன், யாரு வேணா எவ்ளோ வேணா பிடிச்சு வைக்கலாம். சூடு பட்ட பூனைங்க நாங்க, எல்லாரும் பிடிக்க ஆரம்பிச்சுட்டோம். தம்பி ஒரு இன்ஜினியர்கிட்ட டீ குடிச்சுட்டு வந்தாலே 60 பெட்டி எழுதிருவான். ஒரு மாசம் கழிச்சு பாத்தா 1,900 பெட்டி இருப்புல 700 பெட்டி ஹோல்டு, அந்த 700ல உண்மையா வண்டி ஏறுனது 230. ஒரு நாள் ஒரு பார்ட்டி கையில காசோட வந்து 50 பெட்டி கேக்குறாரு, ஷீட்ல 8 காட்டுது, இல்லனு அனுப்பிட்டோம், அவரு நாலு கடை தள்ளி வாங்கிட்டாரு. அந்த சரக்க பிடிச்சு வச்சிருந்தவரு வரவே இல்ல. ரெண்டு தடவ வித்தா நஷ்டம் கண்ணுல தெரியும், ஒரு தடவ கூட விக்காம பூட்டி வச்சா நஷ்டம் எந்த நோட்டுலயும் ஏறாது, ஆனா அதுவும் காசுதான்.

அதனால ரெண்டா பிரிச்சேன். SOFT-னா வெறும் பேச்சு, கொட்டேஷன் குடுத்தாச்சு, வீட்டுல கேட்டு சொல்றேன்னு போயிருக்காங்க. 48 மணி நேரம், அப்புறம் பார்முலாவே அத கணக்குல எடுக்காது, யாரும் போய் அழிக்க வேண்டாம். முகூர்த்த மாசத்துல 24 மணி நேரம்தான். ஒரு சேல்ஸ் ஆளுக்கு ஒரு நேரத்துல 3 SOFTக்கு மேல கிடையாது. HARD-னா 20 சதவீதம் அட்வான்ஸ் வாங்கி டெலிவரி தேதியும் எழுதியிருக்கணும், தேதி இல்லாம "சொல்றப்ப அனுப்புங்க"னா HARD கிடையாது. தேதி தாண்டி 7 நாள் ஆச்சுனா அக்கா போன் பண்ணி கேப்பாங்க, புது தேதி வாங்குவாங்க, இல்ல அந்த சரக்க விடுவிச்சுருவோம், இத அட்வான்ஸ் ரசீதுலயே அச்சடிச்சு வச்சிருக்கேன். கட்டட வேலைல தளம் தள்ளிப் போறது சகஜம்தான, ஆனா அதுக்காக என் குடோன்ல ஒருத்தர் சரக்கு நாலு மாசம் தூங்க முடியாது. HARDல கை வைக்குற உரிமை எனக்கு மட்டும்தான். அதுலயும் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கிட்டேன், மொத பார்ட்டிக்கு போன் பண்ணி அவரு சரினு சொன்னதுக்கு அப்புறம்தான் மாத்துவேன்.

ஷீட் போட்டா எல்லாம் முடிஞ்சதுனு நெனச்சேன், ரெண்டாவது மாசமே ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல மறுபடி மாட்டுனோம். ஒரு பேட்ச்ல 40 பெட்டி காட்டுது. அக்கா பாத்துட்டு முன்னாடி இருக்குறவங்ககிட்ட 32 இருக்குமானு பேசிக்கிட்டு இருக்காங்க, அதே நேரம் தம்பி எங்கயோ நின்னு போன்ல அதே 40ஐ பாத்துட்டு 30க்கு சரினு சொல்லிட்டான். ரெண்டு பேரும் அப்புறமா வந்து எழுதுறாங்க, ஷீட்ல மைனஸ் 22. ஷீட் மேல தப்பில்ல, பாக்குறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல இருந்த அந்த அஞ்சு நிமிஷம்தான் தப்பு. இப்ப விதி என்னன்னா மொதல்ல Hold-ல வரி எழுது, அப்புறம் Stock டேப்ல C மைனஸ் ஆகலையானு பாரு, அப்புறம் வாய திற. மைனஸ் ஆனா செவப்பா மாறுற மாதிரி கலர் போட்டு வச்சிருக்கேன். செவப்பு வந்தா கடைசியா யாரு எழுதுனாங்களோ அவங்கதான் விலகணும், அதுக்காக கூகுள் ஃபார்ம் வழியாத்தான் எழுதணும்னு வச்சுட்டேன், அது தானா நேரத்த பதிஞ்சுரும், சண்டையே இல்ல. பெரிய சாப்ட்வேர்ல இத அதுவே பூட்டிக்கும், நம்மள மாதிரி ஷீட்ல ஓட்டுறவங்க பழக்கத்தால பூட்டணும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு, அது கண்டுபிடிக்கவே ரெண்டு வாரம் ஆச்சு. ஒரு 70 பெட்டி ஹோல்டு, லோடு போயிருச்சு, Stock-ல 70 குறைச்சாச்சு, ஆனா Hold-ல அந்த வரி இன்னும் HARD-னே நிக்குது. அப்ப 70 ரெண்டு தடவ கழியுது. குடோன்ல சரக்கு கண்ணெதிர கெடக்கு, ஷீட் இல்லைங்குது, நாங்க வர்றவங்கள திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கோம். குடோன் அண்ணன்தான் "ஏன்பா இந்த அடுக்கு அசையவே மாட்டேங்குது"னு கேட்டாரு. இத கண்டுபிடிக்க சுலபமான அடையாளம், டெலிவரி தேதி தாண்டியும் HARD-ல நிக்குற வரிகள வடிகட்டி பாருங்க, ஒண்ணு பார்ட்டி வரல, இல்ல லோடு போயும் யாரும் மூடல. இப்ப லோடு ஏறுனதும் Stock-ல குறைக்குறதும் Hold-ல DONE போடுறதும் ஒரே ஆள், குடோன் அண்ணன். மொதல்ல போன்ல டைப் பண்ண மாட்டேன்னு அடம் புடிச்சாரு, இப்ப அவருதான் மத்தவங்கள மெரட்டுறாரு. பாதி லோடு போனா வரிய மூடிரக் கூடாது, 84ல 50 போச்சுனா ஹோல்ட 34 ஆக்கணும், இதையும் ஒரு தடவ சொதப்பிதான் கத்துக்கிட்டோம்.

வர்ற சரக்க வச்சு வாக்கு குடுக்குறது இன்னொரு குழி. டைல்ஸ்ல புது லோடு புது பேட்சா வர்றதால அத தனி வரியாத்தான் வச்சிருக்கேன், அதனால இது டைல்ஸ் ஒட்டுற கம் மூட்டைல பாத்தா நல்லா புரியும், அதுல ஷேடு பிரச்சனை இல்ல. 20 கிலோ மூட்டை கையில 60 இருக்கு. 15ஆம் தேதி 100 மூட்டை வருது. ஹோல்டு: 12ஆம் தேதிக்கு 45, 20ஆம் தேதிக்கு 80, 25ஆம் தேதிக்கு 30. இப்ப ஒருத்தர் 11ஆம் தேதிக்கு 25 மூட்டை கேக்குறாரு. தம்பி சொல்லுவான், 60ல 45 போக 15 இருக்கு, 15 மட்டும் குடுக்கலாம்னு. அதுவும் தப்பு. லாரி வந்ததுக்கு அப்புறம் என்ன ஆகுதுனு பாருங்க, வர்றது 100, அதுக்கப்புறம் குடுக்க வேண்டியது 80ம் 30ம் சேந்து 110. 10 உதைக்குது. அந்த 10 எங்க இருந்து வரும்? இந்த 15ல இருந்துதான். அப்ப இன்னைக்கு புதுசா வாக்கு குடுக்க கூடியது வெறும் 5.

சரி, அப்ப மொத்தமா கூட்டி கழிச்சா போதுமே, 160ல 155 போனா 5தானனு கேக்கலாம். இந்த கேஸ்ல சரியா வந்துருச்சு. அந்த 80ம் 30ம் இல்லாம 20ஆம் தேதிக்கு ஒரு 40 மட்டும் இருக்குனு வைங்க. மொத்தமா பாத்தா 160ல 85 போக 75 காட்டும். 11ஆம் தேதிக்கு 75 கேட்டா குடுக்க முடியுமா? லாரி வர்ற வரைக்கும் 15தான், மிச்ச 60 பதினஞ்சாம் தேதிக்கு மேலதான். அதனால எப்பவும் ரெண்டு கேள்வி கேக்கணும், அடுத்த லாரி வரைக்கும் எவ்ளோ மிஞ்சுது, லாரிக்கு அப்புறம் ஏதாவது உதைக்குதா. உதைச்சா அத முன்னாடி இருக்குறதுல இருந்து கழிச்சுட்டுதான் வாய திறக்கணும்.

அந்த 15ஆம் தேதிங்குறதையே நம்பலாமாங்குறது தனி கேள்வி. கம்பெனிக்காரன் "லோடு ஆயிருச்சு சார்"னு சொன்னா லோடு ஆகலனு அர்த்தம், எனக்கு அப்படித்தான் அனுபவம். லாரிக்காரங்க சரக்கு ஏத்திக்கிட்டு குடுக்குற எல்ஆர் ரசீது நம்பர் கைக்கு வந்தாத்தான் ஷீட்ல அந்த வரிய போடுவேன், அதுலயும் சொல்ற தேதியோட 3 நாள் சேத்துதான் போடுவேன். வந்து எறங்குனப்புறமும் பெட்டி எண்ணி, ஒடசல் எடுத்துட்டுதான் எண்ணிக்கை ஏறும். டிஸ்பிளேக்கு பிரிச்ச பெட்டி, மூலை ஒடஞ்ச பெட்டி எல்லாம் Stock எண்ணிக்கைல கிடையாது, அதுங்களுக்கு தனி ஓரம். எங்க 131ல கூட 3 பெட்டி மூலை ஒடஞ்சது, அது ஒட்டும்போதுதான் தெரிஞ்சுச்சு.

குடோன்ல ஒரு சின்ன மாத்தம். HARD ஆன அடுக்குல மஞ்ச அட்டை ஒண்ணு தொங்கும், பேரு, பெட்டி எண்ணிக்கை, பேட்ச் நம்பர், தேதி. பில்லுல இருக்குற பேட்சும் அட்டையும் ஒத்துப் போனாத்தான் அண்ணன் ஏத்துவாரு. ஷீட்ல ஆயிரம் கணக்கு போட்டாலும் கடைசில பெட்டிய தூக்குறது ஒரு மனுஷன், அவருக்கு எது யாருதுனு தெரியலனா எல்லாம் வீண். ஒரு தடவ அண்ணன் லீவுல இருந்தப்ப மாத்து ஆள் வந்து, ஷீட்ல எல்லாம் சரியா இருந்தும், அட்டை தொங்குன அடுக்குல இருந்தே எடுத்துட்டான். இப்ப மாத்து ஆளுக்கு மொத நாளே அட்டையத்தான் காட்டுறோம்.

எழுதிட்டுதான் வாய திறக்கணும்ங்குற விதி வந்ததுக்கு அப்புறம் இதுவரைக்கும் ரெண்டு தடவ செவப்பு வந்துச்சு, ரெண்டும் பார்ட்டிக்கு வாக்கு போறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம். இன்னும் எனக்கு சரியா வழி தெரியாதது திரும்பி வர்ற சரக்கு. வேலை முடிஞ்சு மிச்சம்னு 3 பெட்டி, 5 பெட்டினு பழைய பேட்ச் திரும்பி வரும், அத Stock-ல சேத்தா எண்ணிக்கை கூடுது, ஆனா 5 பெட்டிய வாங்குறதுக்கு ஆளு இல்ல. இப்போதைக்கு அதுக்கு பாத்ரூம், பால்கனினு ஒரு தனி டேப் போட்டு வச்சிருக்கேன், 6 பெட்டி, அதுக்கும் கீழ இருக்குற பேட்ச் எல்லாம் அங்க போயிரும், தம்பி போன்ல அது தெரியாது. வாத்தியார் வீட்டுக்கு போகாம நின்ன அந்த 6 பெட்டியும் கூட அங்கதான் கொஞ்ச நாள் கெடந்துச்சு, போன மாசம் ஒருத்தர் மொட்டை மாடி ரூமுக்கு எடுத்துட்டு போனாரு.